திருப்பிக் கொடுத்த பொருளும் திரும்பி வராத கூப்பனும்

ஆன்லைனில் வாங்கிய பொருளைத் திருப்பி அனுப்பினால் கொடுத்ததெல்லாம் அப்படியே கைக்கு வந்துவிடும் என்றுதான் பெரும்பாலானோர் நினைக்கிறார்கள். ஆனால் இன்று ஒரு ஆர்டருக்கு ஒரே வழியில் பணம் கட்டுவது குறைந்துவிட்டது. ஒரு கூப்பன், சேர்த்து வைத்த கொஞ்சம் பாயின்ட், கிஃப்ட் கார்டில் கிடந்த மிச்சம், பாக்கிக்கு யு.பி.ஐ. என்று துண்டு துண்டாகக் கட்டுகிறோம். பொருள் திரும்பிப் போனதும் இந்தத் துண்டுகள் ஒவ்வொன்றும் வெவ்வேறு விதமாக நடந்துகொள்கின்றன. ஒன்று முழுதாக வருகிறது, ஒன்று பாதியாக வருகிறது, ஒன்று வந்த அன்றே காலாவதியாகிறது, இன்னொன்று வரவே வருவதில்லை. இது கடைக்காரரின் மனநிலையைப் பொறுத்தது போலத் தோன்றினாலும் இதற்குள் ஒரு ஒழுங்கு இருக்கிறது. அந்தத் துண்டு பொருளின் விலையைக் குறைத்ததா, அல்லது விலையைக் கட்டியதா என்று கேட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். விலையைக் குறைத்தது திரும்பாது. விலையைக் கட்டியது திரும்ப வேண்டும். மீதிக் குழப்பம் முழுவதும் பாயின்ட்டுகளைப் பற்றியது. அவை இரண்டுக்கும் நடுவே நிற்கின்றன. அவற்றையும் கட்டிய விலையாகவே கருத வேண்டும் என்பது இந்த அத்தியாயத்தின் வாதம்.

முதலில் தெளிவான இரண்டு முனைகளைப் பார்த்துவிடலாம். கூப்பன் என்பது கடை தன் விலையை உங்களுக்காக இறக்கியதற்கான அடையாளம். 1,000 ரூபாய்ப் பொருளை 850 ரூபாய்க்குக் கூப்பனோடு வாங்கினால், நீங்கள் கொடுத்த விலை 850 ரூபாய்தான். பொருள் திரும்பும்போது 850 ரூபாய் வந்தால் உங்களுக்கு நஷ்டமில்லை. அந்த 150 ரூபாய் எப்போதும் உங்கள் பையிலிருந்து போகவில்லை. ஆகவே, ‘கூப்பனுக்கான தொகையும் வேண்டும்’ என்று கேட்பதில் நியாயமில்லை. கேட்கக்கூடியது, கூப்பனை இன்னொரு முறை பயன்படுத்தும் வாய்ப்பு மட்டுமே. கிஃப்ட் கார்டு மறுமுனை. அதை யாரோ முழுப் பணம் கொடுத்து வாங்கியிருக்கிறார்கள். நீங்களோ, உங்களுக்குப் பரிசளித்தவரோ, உங்கள் அலுவலகமோ. அதில் கட்டிய ஒவ்வொரு ரூபாயும் விலைதான். அது திரும்ப வராவிட்டால் பொருளும் கடையிடம், பணமும் கடையிடம் என்றாகிவிடும்.

எந்தத் துண்டு எந்தப் பக்கம் என்பதை அறிய உதவி மையத்தை அழைக்கத் தேவையில்லை, பில்லே சொல்லிவிடும். ஜி.எஸ்.டி. சட்டத்தின் 15-ஆவது பிரிவுப்படி, விற்கும்போதே கொடுத்து பில்லில் காட்டிய தள்ளுபடியை வரிக்குரிய மதிப்பிலிருந்து கழித்துக்கொள்ளலாம். அதனால் கடையின் கூப்பன் பெரும்பாலும் வரிக்கு மேலே, ஒவ்வொரு பொருளின் வரிசையிலும் ‘தள்ளுபடி’ என்ற கட்டத்தில் இடம்பெறும். கிஃப்ட் கார்டும் வாலட்டும் யு.பி.ஐ.யும் மொத்தத் தொகைக்குக் கீழே, பணம் கட்டிய வழியாக வரும். சில கடைகளில் அது பில்லில் இல்லாமல் ஆர்டர் விவரப் பக்கத்தில் இருக்கும். பாயின்ட்டுகள் எங்கே நிற்கின்றன என்பதைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். சில கடைகள் அவற்றைத் தள்ளுபடிக் கட்டத்தில் வைக்கின்றன. சில, பணம் கட்டிய வழிகளோடு வைக்கின்றன. மொத்தத்துக்குக் கீழே, கட்டணமாகக் காட்டிவிட்டு, திருப்பும்போது மட்டும் ‘அது சலுகைதான்’ என்று ஒரு கடை சொன்னால், அதன் பில்லே அதற்கு எதிரான சாட்சி.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரே ஆர்டரில் 2,000 ரூபாய்ச் சேலை, 1,200 ரூபாய்ச் சட்டை, 800 ரூபாய்ப் படுக்கை விரிப்பு. மொத்தம் 4,000 ரூபாய். ‘3,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் 600 ரூபாய் தள்ளுபடி’ என்ற கூப்பன் போட்டாயிற்று. 400 பாயின்ட், அதாவது 400 ரூபாய், கழிக்கப்பட்டது. கிஃப்ட் கார்டிலிருந்து 1,000 ரூபாய், மீதி 2,000 ரூபாய் யு.பி.ஐ. இப்போது சட்டை மட்டும் அளவு சரியில்லை என்று திரும்பிப் போகிறது. நேர்மையாகக் கணக்கிடும் கடை ஒவ்வொரு துண்டையும் பொருளின் விலைக்கு ஏற்ற விகிதத்தில் பிரிக்கும். சட்டை மொத்தத்தில் நூற்றுக்கு 30 பங்கு. ஆகவே கூப்பனில் 180 ரூபாய், பாயின்ட்டில் 120, கிஃப்ட் கார்டில் 300 ரூபாய், யு.பி.ஐ.யில் 600 ரூபாய் சட்டையின் மேல் விழுகின்றன. திரும்ப வர வேண்டியது 120 பாயின்ட், கார்டுக்கு 300, வங்கிக் கணக்குக்கு 600, ஆக 1,020 ரூபாய் மதிப்பு. கூப்பனின் 180 ரூபாய் வராது. சட்டையின் விலை 1,200 ஆயிற்றே, வங்கிக்கு 600 ரூபாய்தான் வந்திருக்கிறதே என்று பதறுகிறவர்கள் இந்த நாலு வரிசைகளையும் பிரித்துப் பார்த்தால், வந்தது சரியா தவறா என்று தாங்களே சொல்லிவிடலாம்.

இதே கணக்கு இரண்டு இடங்களில் கோணலாகும். முதலாவது, கூப்பனின் குறைந்தபட்சத் தொகை. சட்டை போன பிறகு உங்களிடம் மிஞ்சுவது 2,800 ரூபாய்ப் பொருள். கூப்பனின் நிபந்தனையோ 3,000. சில கடைகளின் விதிகளில், மிச்சப் பொருட்கள் நிபந்தனைக்குக் கீழே இறங்கினால் கூப்பன் முழுதும் ரத்தாகும் என்று ஒரு வரி இருக்கும். அப்படியானால் சேலைக்கும் விரிப்புக்கும் முழு விலையான 2,800 ரூபாயைக் கடை எடுத்துக்கொள்ளும். நீங்கள் கட்டியது கூப்பன் போக 3,400. திரும்பி வருவது வெறும் 600. விகிதக் கணக்கில் வந்திருக்க வேண்டிய 1,020-க்கும் இதற்கும் உள்ள 420 ரூபாய் வித்தியாசம், நீங்கள் வைத்துக்கொண்ட இரண்டு பொருட்களின் மேல் இருந்த கூப்பன் தொகைதான். இந்த விதியை அநியாயம் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. நிபந்தனையைத் தாண்டுவதற்காகவே ஒரு பொருளைச் சேர்த்து, பிறகு அதை மட்டும் திருப்புகிற வழக்கம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்த வரி வாங்கும் முன்பே கூப்பனின் நிபந்தனையில் தெரிந்திருக்க வேண்டும். திருப்பிய பிறகு எடுத்துக் காட்டப்படும் விதிக்கு அந்த நியாயம் கிடையாது. வாசகர் செய்ய வேண்டியது எளிது. ஒரு ஆர்டரில் சிலவற்றை மட்டும் திருப்பும் முன், மிச்சம் கூப்பனின் வரம்புக்கு மேல் நிற்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பெரும்பாலான செயலிகள் ரிட்டர்னை உறுதி செய்யும் முன் வரவிருக்கும் தொகையைக் காட்டும். அந்தத் தொகை உங்கள் கணக்கைவிடக் குறைவாக இருந்தால், உறுதி செய்யும் முன்பே காரணம் கேளுங்கள்.

இரண்டாவது கோணல், எந்தத் துண்டு முதலில் நிரம்புகிறது என்பது. விகிதமாகப் பிரிக்காமல் வரிசை வைத்துத் திருப்பும் கடைகள் உண்டு. முதலில் பாயின்ட், அடுத்து கிஃப்ட் கார்டு, கடைசியாக வங்கி என்ற வரிசையானால், நம் 1,020 ரூபாயில் 400 பாயின்ட்டாகவும் 620 கார்டுக்கும் போய், வங்கிக்கு ஒரு பைசாவும் வராது. மொத்த மதிப்பு குறையவில்லை என்று கடை சொல்லலாம். ஆனால் எங்கும் செலவழிக்கக்கூடிய பணம், அந்தக் கடையில் மட்டும் செலவழிக்கக்கூடியதாக மாறிவிட்டது. அதற்கு ஒரு காலாவதித் தேதியும் சேர்ந்துகொண்டது. இதைச் சின்ன விஷயமாக விட்டுவிடக் கூடாது.

திருப்புவதற்குள்ளேயே மூன்று வகை இருக்கின்றன. கூப்பனின் தலையெழுத்து அதைப் பொறுத்தும் மாறும். பொருள் கிளம்பும் முன் ஆர்டரைக் கேன்சல் செய்தால் பல கடைகளில் கூப்பன், காலம் முடியாமல் இருந்தால், மறுபடி உயிர்பெறும். கைக்கு வந்த பிறகு ரிட்டர்ன் செய்தால் ஒருமுறைக் கூப்பன் பெரும்பாலும் செலவானதாகவே கருதப்படும். அளவோ நிறமோ மாற்றி எக்ஸ்சேஞ்ச் கேட்டால் பழைய ஆர்டரின் விலையே தொடர்வதால் கூப்பனும் பாயின்ட்டும் கைபடாமல் இருக்கும். ஆகவே சட்டை இறுக்கமாக இருக்கிறது, பெரிய அளவு கடையில் இருக்கிறது என்றால், ரிட்டர்ன் போட்டுவிட்டுப் புதிதாக வாங்குவதைவிட எக்ஸ்சேஞ்சே நல்லது. கூப்பன் போட்டு வாங்கியவருக்கு இது வசதிக்கான யோசனையாக மட்டும் நிற்பதில்லை, நேரடிப் பண லாபமும் இருக்கிறது. இதில் கடையிடம் உறுதியாகக் கேட்க வேண்டிய சந்தர்ப்பம் ஒன்று உண்டு. விற்பவரே சரக்கில்லை என்று ஆர்டரை ரத்து செய்தாலோ, தவறான பொருள் வந்தாலோ, கூப்பன் போனது உங்கள் முடிவால் அல்ல. அப்போது அதே கூப்பனையோ அதற்கு ஈடான புதிய ஒன்றையோ எழுத்தில் கேளுங்கள். கூப்பன் தேதி முடிந்திருந்தாலும் கேளுங்கள்; அந்தத் தேதிக்குள் நீங்கள் அதைப் பயன்படுத்திவிட்டீர்கள், பேச்சை மீறியது கடை.

அடுத்தது வாலட். இங்கே ரிசர்வ் வங்கியின் விதி நம் பக்கம் தெளிவாக நிற்கிறது. முன்கூட்டியே பணம் ஏற்றும் கருவிகளுக்காக அது 2021 ஆகஸ்டில் வெளியிட்ட முதன்மை உத்தரவு, திரும்பிய அல்லது ரத்தான பரிவர்த்தனையின் தொகை, வாலட்டிலிருந்து எவ்வளவு போனதோ அவ்வளவு, உடனே அதே வாலட்டில் சேர வேண்டும் என்கிறது. அதனால் வாலட்டின் உச்சவரம்பு மீறப்பட்டாலும் பரவாயில்லை என்றும் சொல்கிறது. கூடவே, வேறு வழியில் கட்டிய பணத்தின் ரீஃபண்டை வாலட்டில் போடக் கூடாது என்றும் சொல்கிறது. வங்கியிலிருந்து போன பணம் வாலட்டுக்கு வந்து உட்கார்ந்துகொள்வதைக் கேள்வி கேட்க இந்த வாசகம் போதும். வாலட் பணத்தின் ஆயுளும் அதே உத்தரவில் வரையறுக்கப்பட்டிருக்கிறது. கடைசியாகப் பணம் ஏற்றிய நாளிலிருந்து குறைந்தது ஓராண்டு செல்லுபடியாக வேண்டும். முடிவதற்கு முந்தைய 45 நாட்களில் எச்சரிக்கை அனுப்ப வேண்டும். முடிந்த பிறகும் நீங்கள் போய்க் கேட்டால் மிச்சத்தை வங்கிக் கணக்குக்குத் தர வேண்டும். ஏற்றிய பணம் கடையின் லாபமாகிவிட முடியாது என்பதுதான் இதன் சாரம்.

ஆனால் இந்தப் பாதுகாப்புக்கு ஒரு எல்லை இருக்கிறது. ஏமாற்றம் பெரும்பாலும் அந்த எல்லைக்கு வெளியேதான் நடக்கிறது. ஒரு நிறுவனம் தன் சொந்தப் பொருள், சேவைக்காக மட்டும் வெளியிடும் ‘ஸ்டோர் கிரெடிட்’ மூடிய வகையைச் சேர்ந்தது. அதற்கு ரிசர்வ் வங்கியின் அனுமதியும் தேவையில்லை, மேற்சொன்ன விதிகளும் பொருந்தாது. செயலியில் இரண்டுக்கும் ஒரே பர்ஸ் படம் போட்டிருப்பார்கள். வேறுபாட்டை அறிய ஒரு சோதனை போதும்: இந்த இருப்பை வைத்து வேறொரு கடையில் பொருள் வாங்க முடியுமா? முடியும் என்றால் அது ரிசர்வ் வங்கியின் கண்காணிப்பில் உள்ள வாலட். முடியாது என்றால் அது கடையின் வாக்குறுதி மட்டும். அதன் ஆயுள் கடை எழுதிய நிபந்தனை. ‘வங்கிக்கு வர ஐந்தாறு நாள் ஆகும், கிரெடிட்டாக எடுத்தால் இப்போதே’ என்று ரிட்டர்ன் பக்கத்தில் ஒரு தேர்வு வரும்போது இந்தச் சோதனையை நினைவில் வைத்து முடிவெடுங்கள். அவசரமில்லாதவர்கள் வங்கியையே தேர்ந்தெடுப்பது நல்லது. இன்னொன்று: வாலட்டுக்குள் கிடக்கும் எல்லாமே பணமல்ல. விளம்பரச் சலுகையாக வந்த கேஷ்பேக் தனி இருப்பாக, தனிக் காலாவதியோடு இருக்கும். ஓராண்டு ஆயுள் நீங்கள் ஏற்றிய பணத்துக்குத்தான்.

இனி பாயின்ட்டுகள். ‘அவை நாங்கள் இலவசமாகக் கொடுத்தவை, திரும்பத் தந்தால் தயவு, தராவிட்டால் உரிமை மீறல் இல்லை’ என்பது கடைகளின் வழக்கமான நிலைப்பாடு. இதற்குப் பதில் அந்த நிறுவனங்களின் கணக்குப் புத்தகத்திலேயே இருக்கிறது. பட்டியலிடப்பட்ட நிறுவனங்களும் பெரிய நிறுவனங்களும் பின்பற்ற வேண்டிய இந்தியக் கணக்குத் தரநிலை 115, 2018 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒரு விற்பனையோடு சேர்த்து, பின்னால் பயன்படுத்தக்கூடிய பாயின்ட்டுகளைக் கொடுத்து, அவை வாடிக்கையாளருக்குக் குறிப்பிடத்தக்க உரிமையைத் தந்தால், அந்த விற்பனைத் தொகையை இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்கிறது அது. ஒரு பகுதி இன்று கொடுத்த பொருளுக்கு. மறு பகுதி நாளை கொடுக்கவிருக்கும் பொருளுக்கு. உதாரணமாக, 1,000 ரூபாய்ப் பொருளோடு 50 ரூபாய் மதிப்புள்ள பாயின்ட் தருகிறார்கள். அவற்றில் ஐந்தில் நாலு பங்கு பயன்படுத்தப்படும் என்று மதிப்பிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்போது பாயின்ட்டின் மதிப்பு 40 ரூபாய். நீங்கள் கொடுத்த 1,000 ரூபாயை 1,000-க்கும் 40-க்கும் உள்ள விகிதத்தில் பிரித்தால், சுமார் 38 ரூபாயை நிறுவனம் இன்றைய வருமானமாகக் காட்ட முடியாது. உங்களுக்குத் தர வேண்டிய பொறுப்பாக வைத்திருக்க வேண்டும். பாயின்ட்டை நீங்கள் பயன்படுத்தும்போதோ அது காலாவதியாகும்போதோதான் அந்த 38 ரூபாய் வருமானமாகிறது.

இதன் பொருளை நிதானமாக யோசித்துப் பாருங்கள். பங்குதாரர்களிடம் கணக்குக் காட்டும்போது, ‘இந்த வாடிக்கையாளர் பாயின்ட்டுக்கும் சேர்த்துத்தான் பணம் கொடுத்தார்’ என்று நிறுவனம் ஒப்புக்கொள்கிறது. அதே நிறுவனம் வாடிக்கையாளரிடம், ‘பாயின்ட் இலவசம்’ என்று சொல்ல முடியாது. பொருள் திரும்பியும் பாயின்ட் திரும்பவில்லை என்றால், கொடுக்காத பொருளுக்கான பணம் அவர்களுடைய வருமானமாகிறது. தரநிலை என்பது கணக்கெழுதும் முறைக்கான விதி. அது வாடிக்கையாளருக்கு நேரடியாக உரிமை எதையும் வழங்கிவிடாது என்பது உண்மைதான். ஆனால் பாயின்ட் கட்டிய விலையா, வெறும் சலுகையா என்ற கேள்வி எழும்போது, கடையின் கையெழுத்திலேயே உள்ள வாக்குமூலமாக அது நிற்கிறது. இந்த வாதத்துக்கு ஒரு வரம்பும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. செயலியில் சேர்ந்ததற்கு, பிறந்த நாளுக்கு, நண்பரை அழைத்து வந்ததற்கு என்று எதையும் வாங்காமலே வந்த பாயின்ட்டுகள் உண்மையிலேயே அன்பளிப்புதான். அவற்றைத் திரும்பத் தராவிட்டால் இந்த வாதம் துணைக்கு வராது.

கடைகள் சொல்லும் வலுவான மறுப்பு ஒன்று இருக்கிறது. பாயின்ட்டை முழு ஆயுளோடு திருப்பிக் கொடுத்தால், காலாவதியாவதற்கு முந்தின நாள் எதையாவது வாங்கி, மறுவாரம் திருப்பி, ஆயுளை நீட்டிக்கொண்டே போவார்கள் என்கிறார்கள். இது வெறும் கற்பனையான பயமல்ல. அதனால்தான் பல திட்டங்களில், திரும்பி வரும் பாயின்ட்டுக்குப் பழைய காலாவதித் தேதியே பொருந்தும் என்ற விதி இருக்கிறது. ஆனால் அந்த விதி நேர்மையானவருக்கு என்ன செய்கிறது என்று பாருங்கள். 20 நாள் ஆயுள் மிச்சமிருக்கும் பாயின்ட்டோடு ஒருவர் சட்டை வாங்குகிறார். வந்து சேர 6 நாள், போட்டுப் பார்த்து ரிட்டர்ன் கேட்க 5 நாள், எடுத்துச் செல்ல 4 நாள், கிடங்கில் சரிபார்க்க 7 நாள். 22-ஆம் நாள் பாயின்ட் அவர் கணக்குக்கு வருகிறது. வரும்போதே அது செத்துப்போன பாயின்ட். இந்த 22 நாட்களில் பெரும்பகுதி கடையும் கூரியரும் எடுத்துக்கொண்டவை. நியாயமான வழி இரண்டுக்கும் நடுவே இருக்கிறது: வாங்கிய நாளில் எத்தனை நாள் ஆயுள் மிச்சமிருந்ததோ, திரும்பிய நாளிலிருந்து அத்தனை நாள் கொடுப்பது. இதில் யாருக்கும் ஒரு நாள்கூடக் கூடுதலாகக் கிடைக்காது, ஒரு நாள்கூடப் பறிபோகாது. இதையும் துஷ்பிரயோகம் செய்கிறவர்கள் இருந்தால், அவர்களைக் கண்டறிவதே சரி. வாலட் விஷயத்தில் ரிசர்வ் வங்கி இதையேதான் செய்தது; ஒரே கணக்கில் அடிக்கடி ரீஃபண்ட் நடந்தால் அதைக் கண்காணிக்கும் ஏற்பாடு வேண்டும் என்றது. சிலர் ஏமாற்றுவார்கள் என்பதற்காக எல்லாருடைய ரீஃபண்டையும் அது நிறுத்தவில்லை.

‘நிபந்தனைகளைப் படித்து ஒப்புக்கொண்டுதானே வாங்கினீர்கள்?’ என்ற மறுப்பும் வரும். நிபந்தனை வாங்குவதற்கு முன் தெளிவாகக் காட்டப்பட்டிருந்தால், மனம் மாறித் திருப்புகிறவரை அது பெருமளவு கட்டுப்படுத்தும். குறையில்லாத பொருளைத் திரும்ப வாங்கிக்கொள்வதே கடை தானாகக் கொடுக்கும் வசதி. அதற்கு நிபந்தனை வைக்கக் கடைக்கு இடம் இருக்கிறது. ஆனால் பொருளில் குறை இருந்தாலோ, போலியாக இருந்தாலோ, விளம்பரத்தில் காட்டியது போல இல்லாவிட்டாலோ கதை வேறு. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, அப்படிப்பட்ட பொருளைத் திரும்ப எடுக்கவோ, கொடுத்த விலையைத் திருப்பவோ விற்பவர் மறுக்கக் கூடாது. கொடுத்த விலை என்பதற்குள் வங்கிப் பணத்தோடு கிஃப்ட் கார்டும் பாயின்ட்டும் அடங்கும் என்றுதான் மேலே சொன்ன காரணங்கள் காட்டுகின்றன. ஆகவே ரிட்டர்ன் காரணம் கேட்கும் பக்கத்தில் அலட்சியமாக ‘பிடிக்கவில்லை’ என்று தொடாதீர்கள். தையல் பிரிந்திருந்தால், நிறம் மாறியிருந்தால், அதையே தேர்ந்தெடுத்துப் படமும் சேருங்கள். பின்னால் எழும் வழக்கு எந்தப் பக்கம் சாயும் என்பதை அந்த ஒரு தேர்வு தீர்மானிக்கலாம்.

ஒரு ஆர்டரில் செலவழித்த பாயின்ட் வேறு, அந்த ஆர்டரால் சம்பாதித்த பாயின்ட் வேறு. பின்னதைக் கடை திரும்ப எடுத்துக்கொள்வது முற்றிலும் சரி. வாங்காத பொருளுக்குப் பரிசு கிடையாது. இதனால்தான் பல திட்டங்கள் ரிட்டர்ன் காலம் முடியும்வரை புதிய பாயின்ட்டை ‘நிலுவையில்’ வைக்கின்றன. அதற்குள் கொடுத்துவிட்ட கேஷ்பேக்கை நீங்கள் செலவழித்திருந்தால், அந்தத் தொகையை ரீஃபண்டில் கழிப்பார்கள். நம் கணக்கில் யு.பி.ஐ.க்கு 600-க்குப் பதிலாக 550 வந்திருந்தால், முதலில் இப்படி ஒரு 50 ரூபாய் கேஷ்பேக் வந்திருந்ததா என்று தேடுங்கள். கிரெடிட் கார்டில் வாங்கியிருந்தால் வங்கியும் தன் பங்குக்குக் கொடுத்த ரிவார்டு பாயின்ட்டைத் திரும்ப எடுக்கும். இது கடையின் ரீஃபண்டோடு சம்பந்தமில்லாத தனிக் கணக்கு. கார்டு தவணையாக மாற்றியிருந்தால் வங்கி வாங்கிய செயலாக்கக் கட்டணம் பொதுவாகத் திரும்பாது.

இவ்வளவையும் நிரூபிக்கத் தேவைப்படும் தடயங்கள் ஆர்டர் போட்ட நாளில்தான் கிடைக்கும். பணம் கட்டும் பக்கத்தின் பிரிப்பு, கூப்பனின் நிபந்தனை, பாயின்ட் பக்கத்தில் உள்ள காலாவதித் தேதி ஆகிய மூன்றையும் அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள்; கூப்பன் முடிந்ததும் அதன் நிபந்தனைப் பக்கமும் காணாமல் போய்விடும். ரீஃபண்ட் வந்ததும் பாயின்ட்டின் மொத்த இருப்பைப் பார்த்துத் திருப்தியடையாதீர்கள். வரவு செலவுப் பட்டியலைத் திறந்து, எத்தனை வந்தது, எந்தத் தேதிவரை என்று பாருங்கள். ஒரே நாளில் வரவாகி, அதே நாளில் ‘காலாவதி’ என்று கழிந்திருந்தால் மொத்த இருப்பில் எந்த மாற்றமும் தெரியாது, பட்டியலில்தான் தெரியும்.

குறை இருந்தால் உதவி மையத்தின் அரட்டையோடு நிறுத்திவிடாமல், குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். அவருடைய பெயரும் தொடர்பு விவரமும் தளத்தில் இருக்க வேண்டும் என்பது மேற்சொன்ன மின்வணிக விதிகளில் உள்ளது. 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதை அவர் உறுதி செய்ய வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். கடிதத்தில் கோபத்தைவிட கணக்கு முக்கியம்: ஆர்டர் எண், நாலு வரிசைப் பிரிப்பு, விகிதப்படி வர வேண்டியது, உண்மையில் வந்தது, வித்தியாசம், பாயின்ட்டானால் வாங்கிய நாளில் மிச்சமிருந்த ஆயுள். பதில் திருப்தியில்லாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யலாம். அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கடையின் தலைமையகம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்வரை இருந்தால் கட்டணம் இல்லை. காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: நிபந்தனையே நியாயமற்ற ஒப்பந்தம் என்று சொல்லும் முறையீட்டை மாவட்ட ஆணையம் ஏற்காது, மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். மாவட்டத்தில் போடும்போது, கொடுத்த விலையைத் திருப்பவில்லை என்ற அடிப்படையில் மனுவை எழுதுங்கள்.

120 பாயின்ட்டுக்காக ஆணையம்வரை போகிறவர்கள் குறைவு. கடைகளுக்கும் அது தெரியும். ஆனால் குறைதீர் அதிகாரிக்கு ஒரு மின்னஞ்சல் எழுதப் பத்து நிமிடம் போதும். அதை எழுதுங்கள்.